உலர் வெப்பமா, நீராவியா? ஆய்வகப் பொருள்களைக் கிருமி நீக்கம் செய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணைகளின் குடிநீரையும் தீவனத்தையும் நுண்ணுயிர்ச் சோதனை செய்யும் சிறு ஆய்வகம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேருபவருக்கு, முதல் வாரத்தில் நுண்ணோக்கியைத் தொடும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. கழுவி வைத்த பிப்பெட்டுகளும் பெட்ரித் தட்டுகளும்தான் அவர் கைக்கு வருகின்றன. அவற்றைக் கிருமி நீக்கம் செய்ய அறையின் ஒரு மூலையில் உலர்ந்த சூடான காற்றால் வேலை செய்யும் ஹாட் ஏர் ஓவனும் இன்னொரு மூலையில் அழுத்த நீராவியால் வேலை செய்யும் ஆட்டோகிளேவும் இருக்கும். எதை எதில் வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது, நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் சரியான விடை தெரியாவிட்டால், பின்னால் செய்யும் சோதனை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் முடிவை நம்ப முடியாது. இக்கட்டுரை அந்த மூன்று கேள்விகளை மட்டும், பெரும்பாலும் ஓவனின் பக்கத்திலிருந்து, எடுத்துக்கொள்கிறது.

சென்ற ஆண்டு எங்களிடம் சேர்ந்த பெண் ஒருவர் இரண்டாம் நாளே கேட்டார்: "ஏனுங்க அக்கா, ஆட்டோகிளேவுல 121 டிகிரியில கால் மணி நேரம் போதும்ங்கறீங்க. இதுல 160 டிகிரி வெச்சும் எதுக்குங்க ரெண்டு மணி நேரம்?" மிகச் சரியான கேள்வி. இதற்கு விடை தெரிந்தவருக்கு மற்ற விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யும் தேவை இல்லை என்பதால், செய்முறைக்குப் போகும் முன் அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அதிக வெப்பம் ஏன் மெதுவாகக் கொல்கிறது

முட்டை ஊரில் இருப்பவர்களுக்கு முட்டையைக் கொண்டே இதை விளக்கலாம். முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை உலர்த்தி, அதனுடன் வெவ்வேறு அளவில் நீர் சேர்த்து, எந்த வெப்பநிலையில் அது உறைகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி நீர் இருந்தபோது புரதம் 56 டிகிரி செல்சியஸில் உறைந்தது. நீர் 25 விழுக்காடாகக் குறைந்தபோது 74 முதல் 80 டிகிரி வரை தேவைப்பட்டது. 6 விழுக்காடு மட்டும் இருந்தபோது 145 டிகிரி வேண்டியிருந்தது. நீரே இல்லாத புரதம் 160 முதல் 170 டிகிரியில்தான் உறைந்தது. நுண்ணுயிரின் உடலும் புரதத்தால் ஆனதே. நீர் இருக்கும் இடத்தில் வெப்பம் அந்தப் புரதத்தின் மடிப்புகளை எளிதாகக் குலைத்து உறையவைத்துவிடுகிறது. நீர் இல்லாத இடத்தில் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அங்கே நுண்ணுயிர் சாவது முதன்மையாக ஆக்சிஜனேற்றத்தால், அதாவது மெல்லக் கருகுவதால். வேகவைப்பதற்கும் வறுத்துக் கருக்குவதற்கும் உள்ள வேறுபாடு என்று இதைச் சொன்னால் தவறாகாது.

இரண்டாவது காரணம் வெப்பம் கைமாறும் விதம். ஒரு கிராம் நூறு டிகிரி நீராவி, குளிர்ந்த பொருளின் மேல் படிந்து நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை அந்த இடத்திலேயே இறக்கிவைக்கிறது. ஒரு கிராம் காற்றோ ஒரு டிகிரி குளிரும்போது கால் கலோரிக்கும் குறைவாகவே கொடுக்கிறது. 160 டிகிரி ஓவனுக்குள் கையை ஒரு நொடி நீட்டி எடுத்தால் சூடு தெரியுமே தவிரக் கை வெந்துபோவதில்லை. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது அடிக்கும் 100 டிகிரி ஆவி அதே ஒரு நொடியில் தோலைக் கொப்பளிக்க வைக்கிறது. நீராவி பொருளைத் தேடிப்போய்ச் சூடாக்குகிறது, காற்று சோம்பேறித்தனமாகச் சூடாக்குகிறது.

1881-இல் ராபர்ட் கோக்கும் உடன் பணியாற்றிய வோல்ஃப்ஹ்யூகலும் செய்த சோதனையிலேயே இது தெளிவாகிவிட்டது. நுண்ணுயிர் வித்துகளை உலர்ந்த காற்றால் அழிக்க 140 டிகிரியில் மூன்று மணி நேரம் தேவைப்பட்டது; அவற்றைக் கொதிநீராவி மிகக் குறைந்த நேரத்தில் அழித்தது. வித்து என்று இங்கே சொல்வது பேசில்லஸ், கிளாஸ்டிரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்குவதற்காக அமைத்துக்கொள்ளும் கெட்டியான உறங்குநிலை. கிருமி நீக்கத்தின் நேரக் கணக்குகள் எல்லாம் இந்த வித்துகளைக் கொல்வதற்காக வகுக்கப்பட்டவையே. சாதாரண பாக்டீரியாக்கள் அதற்கு வெகு முன்னரே செத்துவிடும்.

எதை எதில் வைப்பது

மேலே சொன்னதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் போதும்: கிருமி ஒட்டியிருக்கும் இடத்துக்கு நீராவி போய்ச் சேருமா? சேருமானால், அந்தப் பொருள் ஈரத்தைத் தாங்குமானால், ஆட்டோகிளேவே விரைவானது, உறுதியானது. நீராவி சேராது அல்லது ஈரம் கெடுத்துவிடும் என்றால்தான் ஓவன்.

எண்ணெய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காற்றில்லா நிலையில் வளரும் பாக்டீரியாக்களுக்காக, அவற்றை வளர்க்கும் ஊட்டக்கலவையான வளர்ப்பூடகத்தின் மேல் லிக்விட் பாரஃபின் ஊற்றி மூடுவது வழக்கம். அந்தப் பாரஃபினை ஆட்டோகிளேவில் வைத்தால், எண்ணெய்க்குள் நீராவி புகாது. எண்ணெயின் நடுவே இருக்கும் வித்துக்கு அது 121 டிகிரி உலர் வெப்பமாகவே அமைகிறது, அந்த வெப்பத்தில் கால் மணி நேரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. போதாததற்கு ஆவி நீராகி எண்ணெயைக் கலங்கவும் வைக்கும். எனவே லிக்விட் பாரஃபின், கிளிசரின், வாசலின், டால்க், துத்தநாக ஆக்சைடு போன்ற எண்ணெய்களும் களிம்புகளும் பொடிகளும் ஓவனுக்கு உரியவை. காலியான கண்ணாடிப் பொருள்களான பெட்ரித் தட்டு, பிப்பெட், சோதனைக் குழாய், குடுவை ஆகியவையும் பெரும்பாலும் ஓவனுக்கே போகின்றன. நீராவியில் வைத்தாலும் அவை கிருமி நீங்கும், ஆனால் ஈரத்தோடு வெளிவரும், பிப்பெட்டுக்குள் தங்கிய ஒரு துளி நீர் அளவைக் கெடுத்துவிடும். கத்தரி, இடுக்கி, அறுவைக் கத்தி போன்ற எஃகுக் கருவிகள் நீராவியில் துருப்பிடித்து முனை மழுங்கக்கூடும் என்பதால் அவற்றையும் 160 டிகிரி ஓவனில் வைக்கலாம்.

நீர் கலந்த எதுவும் ஓவனுக்குள் போகக் கூடாது. வளர்ப்பூடகம், உப்புக் கரைசல், மாதிரியை நீர்க்கச் செய்யும் கரைசல் ஆகியவை ஓவனில் கொதித்து வற்றிப்போகும். ரப்பர் அடைப்பான், ரப்பர் கையுறை, துணி, வடிதாள் ஆகியவை நொறுங்கும் அல்லது கருகும். பிளாஸ்டிக் விஷயத்தில் புதியவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். ஆட்டோகிளேவைத் தாங்கும் பாலிபுரோப்பிலீன் பெட்டி ஓவனையும் தாங்கும் என்று எண்ணி வைத்துவிடுவார்கள். அது உருகுவதே ஏறத்தாழ 160 டிகிரியில்தான். திறந்து பார்க்கும்போது தட்டில் ஓர் ஆடை படிந்திருக்கும், பெட்டி இருக்காது. நீர் மாதிரி எடுக்கும் கண்ணாடிப் புட்டியைப் பார்த்தவுடன் கண்ணாடிதானே என்று ஓவனுக்குக் கொண்டுபோக வேண்டாம். மூடியைத் திருப்பி உட்புறம் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் ஆட்டோகிளேவுக்கே அனுப்ப வேண்டும்.

நேரமும் வெப்பநிலையும்

ஓவனுக்கு மூன்று இணைகளை நினைவில் வைத்தால் போதும்: 160 டிகிரியில் இரண்டு மணி நேரம், 170 டிகிரியில் ஒரு மணி நேரம், 180 டிகிரியில் அரை மணி நேரம். பத்துப் பத்து டிகிரியாக ஏற ஏற நேரம் பாதியாகிறது. பழைய பாடநூல்களில் 160 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்றும் பார்க்கலாம். கல்லூரியில் அப்படிப் படித்துவந்தவர்கள் எங்களிடம் வாதாடியதுண்டு. பண்ணையின் தீவனத் தூசி வித்துகளால் நிறைந்தது, அதைக் கையாளும் ஆய்வகத்தில் இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க நான் ஒப்புவதில்லை. 180 டிகிரி நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் பஞ்சும் காகிதமும் அங்கே கருகத் தொடங்கும், கத்தியின் கூர்மையும் கெடக்கூடும். பஞ்சடைப்பும் காகித உறையும் உள்ள அன்றாடச் சுமைக்கு 160 டிகிரியே பொருத்தம்.

ஆட்டோகிளேவுக்கு வழக்கமான அளவு 121 டிகிரியில் 15 நிமிடம், அதாவது அழுத்தமானி ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டும் நிலை. நூறு மில்லிலிட்டர் அளவுள்ள புட்டிகளுக்கு இது போதும். ஒரு லிட்டர் குடுவையின் நடுப்பகுதி சூடேறவே கூடுதல் நேரம் வேண்டும். காளான் வித்து தயாரிப்பவர்கள் சோளமணி நிரப்பிய பைகளை ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வைப்பது இதனால்தான்.

ஆட்டோகிளேவில் காற்று தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது ஓவனைப் பற்றிய பாடமும்கூட. அழுத்தமானி அதே 15 பவுண்டைக் காட்டினாலும், உள்ளிருந்த காற்றில் பாதி வெளியேறாமல் இருந்தால் வெப்பநிலை 112 டிகிரியைத் தாண்டாது. காற்றை வெளியேற்றவே இல்லை என்றால் 100 டிகிரிதான் கிடைக்கும். நீராவியில் வித்துகள் அழியும் வேகம் பத்து டிகிரி குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிடுவதால், 112 டிகிரியில் 15 நிமிட வேலையைச் செய்ய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தேவைப்படும். சுருங்கச் சொன்னால், காற்று புகுந்த ஆட்டோகிளேவ் ஓவனைப் போலவே மந்தமாகிவிடுகிறது. ஆகவே ஆவி வெளிப்போகும் குழாயை, ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகச் சீறிக்கொண்டு வரும்வரை திறந்துவைத்து, பிறகே மூட வேண்டும்.

ஓவனில் செய்யும் முறை

முதலில் கழுவுதல். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். அதில் அலசிய கண்ணாடியை அப்படியே ஓவனில் வைத்தால் வெள்ளைப் படலம் சுட்டு இறுகிவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்க வேண்டும். இரத்தம், தீவனக் குழம்பு, பழைய அகர் போன்றவை ஒட்டியிருந்தால் அவை கருகிக் கெட்டியான மேலோடாகி, அடியில் உள்ள வித்தை வெப்பத்திலிருந்து காப்பாற்றவும் செய்யும். பயன்படுத்திய தட்டுகளை முதலில் ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்று, கழுவி, அதன் பிறகே ஓவனுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது உலர்த்துதல். துளி நீர்கூட இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான கண்ணாடி விரிசல் விடும், நீர் ஆவியாகும்வரை அந்தப் பொருள் 100 டிகிரிக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும் என்பதும் இருக்கிறது. பிப்பெட்டின் நுனியில் நிற்கும் நீர் கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்னர் அடைப்பும் உறையும். பிப்பெட்டின் வாய்ப்பக்கத்தில் உறிஞ்சாப் பஞ்சைச் சிறிதளவு வைத்து அடைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் உறிஞ்சும் பஞ்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் ஆகாது. அதிகமாகத் திணித்தால் பஞ்சு காய்ந்து அதன் எண்ணெய்ப் பசை ஆவியாகிக் கண்ணாடியில் பழுப்புக் கறையாகப் படியும். பிப்பெட்டுகளின் நுனி உள்நோக்கி இருக்கும்படி எஃகு அல்லது அலுமினியக் குழாய்ப் பெட்டியில் அடுக்க வேண்டும்; அப்போதுதான் திறந்து எடுக்கும்போது கைபடுவது வாய்ப்பக்கமாக இருக்கும். பெட்ரித் தட்டுகளை அவற்றுக்கான எஃகுப் பெட்டியிலோ காக்கித் தாளில் பத்துப் பத்தாகச் சுற்றியோ வைக்கலாம். குடுவையின் வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே அலுமினியத் தாளால் மூடினால் போதும்.

பாரஃபின் வைக்கும்போது ஆழம் முக்கியம். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் இல்லாமல் இருந்தால்தான் நடுப்பகுதி நேரத்துக்குள் சூடேறும். 250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையில் 20 மில்லிலிட்டர் ஊற்றினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் ஆழமே வரும், அது சரியான அளவு. பொடியையும் இப்படி மெல்லிய பரப்பாகத்தான் வைக்க வேண்டும். எண்ணெய் உள்ள குடுவைகளை வெப்பக் கம்பிக்கு அருகில் வைக்கக் கூடாது, அந்தச் சுமைக்கு 180 டிகிரி வேண்டவே வேண்டாம்.

அடுக்கும்போது ஓவனை நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்க வேண்டும். காற்றுதான் வெப்பத்தைச் சுமந்து போகிறது. அதற்கு வழி விடாவிட்டால் மூலையில் உள்ள பெட்டி அப்படியே பின்தங்கிவிடும். பெட்டிகளுக்கு இடையிலும் சுவருக்கும் பெட்டிக்கும் இடையிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். துளையிட்ட தட்டின் மேல் காகிதம் விரிப்பது காற்றின் வழியை அடைப்பதாகும். ஓவனின் அடித்தளத்தில் எதையும் வைக்கக் கூடாது, அதன் கீழேதான் வெப்பக் கம்பி இருக்கும். உள்விசிறி உள்ள ஓவனில் அது சுழலும் ஒலி கேட்கிறதா என்று கதவை மூடியதும் காது கொடுத்துக் கேளுங்கள். விசிறி நின்றுபோனால் வெப்பமானி ஒரு புள்ளியில் 160 காட்டும், கீழ்த்தட்டு அதற்கு வெகு கீழே கிடக்கும்.

நேரம் எப்போது தொடங்குகிறது

அதிகமான ஓவன் வேலைகள் கெடும் இடம் இதுதான். வெப்பமானி 160 தொட்டவுடன் கடிகாரத்தைப் பார்ப்பது பலருடைய பழக்கம். வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பத்தை. நமக்கு வேண்டியது பெட்டிக்குள் நடுவில் இருக்கும் பிப்பெட்டின் வெப்பம்.

எங்கள் ஓவனில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலகட்டத்தில் எங்கள் வெற்றுத் தட்டுகளில், அதாவது மாதிரி எதையும் சேர்க்காமல் வளர்ப்பூடகம் மட்டும் ஊற்றி வைக்கும் தட்டுகளில், தட்டையாகவும் மங்கலாகவும் ஓரம் ஒழுங்கற்றுப் பரவும் வெண்ணிறப் பாக்டீரியாக் கூட்டங்கள் தோன்றத் தொடங்கின. கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது ஊதாநிறக் கோல்வடிவப் பாக்டீரியாக்களும், அவற்றுக்குள் சாயம் ஏறாத வித்துகளும் தெரிந்தன. இது ஒரு பெரிய துப்பு. கையாலோ காற்றாலோ பின்னர் வந்த தொற்று என்றால் உருண்டை பாக்டீரியாக்களும் பூஞ்சையும் கலந்து பல வகையாக இருக்கும். ஒரே வகை வித்துக்கோல்கள் மட்டும் மீண்டும் மீண்டும் வந்தால், வெப்பம் குறைந்திருக்கிறது, சாதாரணக் கிருமிகள் செத்து வித்து மட்டும் பிழைத்திருக்கிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும்.

முதலில் ஆட்டோகிளேவைத்தான் சந்தேகித்தோம். அதே வளர்ப்பூடகத்தைத் திறக்காமல் புட்டியோடு 37 டிகிரியில் மூன்று நாள் வைத்தபோது தெளிவாகவே இருந்தது. ஆக, ஊடகத்தில் குற்றமில்லை. பிறகு, முனையில் உள்ள வெப்பநிலையை அளந்து காட்டும் ஒரு தெர்மோகப்புள் கம்பியை ஓவனின் மேல்துளை வழியாக இறக்கி, கீழ்த்தட்டில் இருந்த ஒரு பிப்பெட் பெட்டியின் நடுவில் 25 பிப்பெட்டுகளுக்கு இடையே அதன் முனையைச் செருகினோம். மேல்தட்டிலும் நடுத்தட்டிலும் பெட்ரித் தட்டுப் பெட்டிகள் ஆறு இருந்தன, வழக்கமான சுமைதான். காலை 9.30-க்கு ஓவனைப் போட்டோம். 10.10-க்கு வெப்பமானி 160 காட்டியது. அந்த நேரத்தில் பிப்பெட் பெட்டியின் நடுவில் 100 டிகிரிகூட எட்டவில்லை. அங்கே 160 வந்தபோது மணி 10.55. அதுவரை நாங்கள் 10.10-இலிருந்து ஒரு மணி நேரம் எண்ணி 11.10-க்கு அணைத்துக்கொண்டிருந்தோம். பிப்பெட்டுகளுக்கு உண்மையில் கிடைத்தது கால் மணி நேரம்.

இப்போது அந்தச் சுமைக்கு நேரம் 10.55-இலிருந்து 12.55 வரை ஓடுகிறது. தெர்மோகப்புள் இல்லாத ஆய்வகம், இருப்பவர்களிடம் ஒரு நாள் இரவல் வாங்கி, தான் வழக்கமாக வைக்கும் மிகப் பெரிய சுமையில் இப்படி ஒருமுறை அளந்து, காற்று சூடான பிறகு எத்தனை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பதை ஓவன் கதவிலேயே எழுதி ஒட்டிவிடலாம். எங்களுடையது 45 நிமிடம். உங்கள் ஓவனுக்கும் உங்கள் பெட்டிகளுக்கும் அது வேறாக இருக்கும், எனவே இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமையின் அளவையோ பெட்டியின் வகையையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

நடுவில் மின்சாரம் போய் வெப்பநிலை 160-க்குக் கீழே இறங்கினால், மீண்டும் ஏறிய பிறகு இரண்டு மணி நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். விட்ட இடத்திலிருந்து கூட்டுவது கணக்குக்கு ஆகாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் நாங்கள் ஓவனைத் தொடுவதே இல்லை.

நேரம் முடிந்ததும் ஓவனை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விட வேண்டும். உள்ளே 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே திறக்கலாம். எங்கள் ஓவனில் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது. அவசரப்பட்டுத் திறந்தால் கண்ணாடி விரிசல் விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். சூடான பெட்டிக்குள் காற்று சட்டென்று சுருங்கும்போது அறையின் தூசிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாத காரணம். ஆக, காலை 9.30-க்குப் போட்ட சுமை மாலை மூன்று மணிக்கு மேல்தான் கைக்கு வருகிறது. அதே நாளில் ஆட்டோகிளேவில் வைத்த நூறு மில்லிலிட்டர் கரைசல் புட்டிகள், சூடேறுவதும் அழுத்தம் தானாக இறங்குவதும் சேர்த்து, மதியத்துக்கு முன்பே வெளிவந்துவிடுகின்றன. மறுநாள் வேலைக்கு வேண்டிய கண்ணாடியை முந்தின நாளே ஓவனில் வைத்துவிடுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

நடந்ததா என்று எப்படி அறிவது

உறைத்தாள் இளம்பழுப்பாக மாறுவதைச் சிலர் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். கரும்பழுப்பாகி நொறுங்கினால் அந்த இடம் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். இளம்பழுப்பு எதையும் நிறுவாது. ஆட்டோகிளேவுக்கான பட்டைநாடா நீராவிக்கு என்று செய்யப்பட்டது, ஓவனில் அது நிறம் மாறினாலும் மாறாவிட்டாலும் பொருளில்லை. உலர் வெப்பத்துக்கென்றே தனியாக நிறம் மாறும் குழாய்களும் பட்டைகளும் கிடைக்கின்றன. அவற்றைச் சுமையில் மிக மெதுவாகச் சூடேறும் பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும், கதவுக்கு அருகில் அல்ல.

உறுதியான சோதனை, உயிருள்ள வித்துகள் ஏற்றிய வித்துப் பட்டை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓவனுக்குப் பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் வித்துப் பட்டையும், ஆட்டோகிளேவுக்கு ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துப் பட்டையும் பயன்படுத்துகிறோம், ஏனென்றால் அந்தந்த வெப்பத்தை அந்தந்த வித்துதான் நன்றாகத் தாங்கும். முதலாவதை 30 முதல் 37 டிகிரியில் வளர்க்க வேண்டும். இரண்டாவது 55 முதல் 60 டிகிரியில்தான் வளரும். இரண்டையும் ஒரே 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு, ஆட்டோகிளேவ் பட்டையில் எதுவும் வளரவில்லை என்று மகிழ்ந்த ஆய்வகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த வித்து உயிரோடு இருந்திருந்தாலும் அங்கே வளர்ந்திருக்காது. இதைத் தவிர்க்க, சூடாக்காத ஒரு பட்டையையும் கூடவே வளர்த்துப் பார்க்க வேண்டும். அதில் வளர்ச்சி இருந்து, சூடாக்கியதில் இல்லாவிட்டால்தான் முடிவு செல்லும்.

பட்டைச் சோதனையை மாதம் ஒருமுறை செய்தாலும், வெற்றுத் தட்டை ஒவ்வொரு நாளும் வைக்க வேண்டும். அன்றைய சுமையிலிருந்து ஒரு பிப்பெட்டை எடுத்து, கிருமி நீக்கிய கரைசலை அதன் வழியே ஏற்றி இறக்கி, அதைத் தட்டில் ஊற்றி ஊடகம் சேர்த்து வைத்தால், பிப்பெட், தட்டு, கரைசல், ஊடகம் ஆகிய நான்கும் ஒரே தட்டில் சோதிக்கப்பட்டுவிடும். அதில் கூட்டம் தோன்றினால் அன்றைய பண்ணை நீரின் முடிவை வெளியிடாமல் நிறுத்திவைத்து, மேலே சொன்னபடி சாயமிட்டுப் பார்த்து, வித்துக்கோலா கலப்புத் தொற்றா என்று பிரித்தறிந்த பிறகு ஓவன் பதிவேட்டைத் திறக்கலாம். அந்தப் பதிவேட்டில் சுமையின் விவரம், காற்று 160 தொட்ட நேரம், எண்ணத் தொடங்கிய நேரம், அணைத்த நேரம், திறந்த நேரம் ஆகிய ஐந்தும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எண்ணத் தொடங்கிய நேரமும் காற்று 160 தொட்ட நேரமும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தால், அந்தப் பெட்டிகள் அனைத்தும் மறுபடி ஓவனுக்குப் போக வேண்டும்.